கரன்ட் பில்லில் உள்ள யூனிட் சரிதானா? நீங்களே பார்க்கலாம்

தமிழ்நாட்டில் வீட்டு மின் இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள். மீட்டரின் இப்போதைய அளவிலிருந்து போன முறை எடுத்த அளவைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் பயன்படுத்திய யூனிட். இந்தக் கழித்தலைச் சரிபார்க்க ஒரு நோட்டும் செல்போனும் போதும்.

டிஜிட்டல் மீட்டரின் திரையில் தேதி, நேரம், வோல்டேஜ் என எண்கள் மாறி மாறி வரும். kWh என்று காட்டும் எண்தான் நமக்கு வேண்டியது. அது வரும்வரை காத்திருந்து, புள்ளிக்கு முன்னால் உள்ள இலக்கங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ரீடிங் எடுக்கும் நாளிலேயே, மீட்டர் எண்ணும் தெரியும்படி ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். அடுக்குமாடி வீடுகளில் மீட்டர்கள் வரிசையாக இருக்கும். பக்கத்து வீட்டு மீட்டரைப் பார்த்துவிடாதீர்கள்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஜூன் 5-ல் ரீடிங் 14,286. ஆகஸ்ட் 5-ல் 14,812 என்று பதிவாகி, 526 யூனிட்டுக்கு பில் வருகிறது. அந்த வீட்டுக்காரர் அன்று போட்டோ எடுக்கவில்லை. ஆகஸ்ட் 7-ல் போய்ப் பார்த்தால் மீட்டர் காட்டுவது 14,520. வீட்டு மீட்டரில் இந்த எண் கூடத்தான் செய்யும், குறையாது. அப்படியானால் இரண்டு நாளுக்கு முன்பு 14,812 இருந்திருக்கவே முடியாது. 14,512 என்பதில் 5-ஐ 8 என்று படித்திருக்கிறார்கள். உண்மையான பயன்பாடு 226 யூனிட்தான்; ஒரு நாளைக்கு நான்கு யூனிட்டுக்கும் குறைவு. இரண்டு நாளில் 8 யூனிட் ஏறியிருப்பதும் இதோடு ஒத்துப்போகிறது.

இந்த ஓர் இலக்கத்தால் 300 யூனிட் கூடிவிடுகிறது. அது மட்டுமில்லை, 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறி, விகிதமும் கூடுகிறது.

குறைவாகப் பதிவானால் லாபம் என்று சும்மா இருந்துவிடக் கூடாது. விட்டுப்போன யூனிட் அடுத்த பில்லில் சேர்ந்துவிடும். 350 யூனிட் ஓடும் வீட்டில் 200 யூனிட் விட்டுப்போனால், அடுத்த முறை 550 ஆகி 500-ஐத் தாண்டிவிடும்.

ஒவ்வொரு பில்லிலும் தொடக்க ரீடிங், போன பில்லின் கடைசி ரீடிங்கோடு ஒத்திருக்க வேண்டும். மீட்டரை மாற்றியிருந்தால், பழைய மீட்டரில் ஓடியதையும் புதியதில் ஓடியதையும் தனித்தனியாகக் கழித்துக் கூட்டிப் பாருங்கள்.

வித்தியாசம் தெரிந்தால், மின் இணைப்பு எண், பில், போட்டோ மூன்றையும் எடுத்துக்கொண்டு உங்கள் பகுதி மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்குப் போங்கள். மின்னகம் சேவை எண் 94987 94987-லும் புகார் சொல்லலாம்.

ரீடிங் தவறா என்பதைத்தான் இந்த முறை காட்டும். ரீடிங் சரியாக இருந்தும் யூனிட் காரணமில்லாமல் கூடியிருந்தால், மீட்டரைப் பரிசோதிக்கச் சொல்லி அதே அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள்.