என்ரோல்மென்டுக்கு லீவு போதாது

சட்டப் படிப்பை முடித்த கையோடு கம்பெனி ஒன்றில் லீகல் எக்ஸிகியூட்டிவாகச் சேர்ந்தவர்கள் பலர். பார் கவுன்சிலில் பதிவுசெய்ய நாள் கிடைத்ததும் அவர்கள் செய்யும் முதல் வேலை, மேலாளருக்கு இரண்டு நாள் லீவு கேட்டு மெயில் அனுப்புவது. சென்னை போய், கவுனும் வெள்ளைப் பட்டையும் அணிந்து உறுதிமொழி எடுத்துவிட்டு, மறுநாள் பழைய நாற்காலியில் உட்கார்ந்துவிடலாம் என்பது கணக்கு. அந்தக் கணக்கு தப்பு.

இந்திய பார் கவுன்சில் விதிகளில் 49ஆம் விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது: வழக்கறிஞராகத் தொழில் செய்யும் வரை ஒருவர் யாரிடமும் முழுநேரச் சம்பள ஊழியராக இருக்கக் கூடாது. பதிவு விண்ணப்பத்திலேயே வேறு வேலையில் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம். லீவில் இருப்பவர் வேலையில் இருப்பவர்தான். சம்பளமில்லா லீவு என்றாலும் அதேதான். முக்கியமான உண்மையை மறைத்துப் பதிவு பெற்றதாகத் தெரிந்தால், வழக்கறிஞர்கள் சட்டம், 1961இன் 26ஆம் பிரிவின்படி பெயரையே நீக்க இந்திய பார் கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு. உறுதிமொழி எடுத்த போட்டோவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டு அன்றைக்கே அலுவலகத்தில் காய்ச்சல் லீவு சொன்னவர்களையும் பார்த்திருக்கிறேன். இருக்கிற ஆதாரம் போதாதென்று இன்னொன்றையும் தாங்களே உண்டாக்கிக்கொள்கிறார்கள்.

அவசரத்துக்கும் காரணம் இருக்கிறது. சிவில் நீதிபதி தேர்வுக்கு மூன்று ஆண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த அனுபவம் தற்காலிகப் பதிவு நாளிலிருந்தே எண்ணப்படும் என்பதால், பதிவைத் தள்ளிப்போட யாருக்கும் மனம் வராது.

அப்படியானால் அலுவலகத்தில் என்ன கேட்பது? சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போக வேண்டியிருந்தால் சாதாரண கேஷுவல் லீவே போதும். அப்போது நீங்கள் இன்னும் வழக்கறிஞர் இல்லை. உறுதிமொழி நாளுக்குக் கேட்க வேண்டியது ரிலீவிங். சிக்கல் நோட்டீஸ் பீரியடில்தான் வரும். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் ஒருவர் ஜூன் 2ஆம் தேதி ராஜினாமா கொடுக்கிறார் என்று வையுங்கள். 30 நாள் நோட்டீஸ். கடைசி நாள் ஜூலை 2. இதற்கிடையே பதிவு நாள் ஜூன் 27 என்று தகவல் வருகிறது. ஈட்டிய விடுப்பு எட்டு நாள் மிச்சம் இருக்கிறது. "26, 27 லீவு எடுத்துட்டு வந்து மிச்ச நாளை முடிச்சுக் குடுங்க" என்று எச்.ஆர். நல்லெண்ணத்தோடுதான் சொல்வார். அதை ஏற்றால், உறுதிமொழி எடுக்கும் நேரத்தில் அவர் கம்பெனி ஊழியர்.

அவர் எழுத வேண்டியது இப்படி:

"ஐயா, ஜூன் 27 அன்று பார் கவுன்சிலில் வழக்கறிஞராகப் பதிவுசெய்ய உள்ளேன். அன்று நான் எந்த வேலையிலும் இருக்கக் கூடாது என்பது விதி. எனவே ஜூன் 25 மாலையோடு என்னைப் பணியிலிருந்து விடுவித்து, எஞ்சிய ஏழு நாள் நோட்டீஸை என் ஈட்டிய விடுப்புக் கணக்கில் நேர்செய்ய வேண்டுகிறேன். ரிலீவிங் லெட்டரில் கடைசிப் பணிநாள் ஜூன் 25 என்றே குறிப்பிட வேண்டுகிறேன்."

கடைசி வரிதான் உயிர். 'லீவில் அட்ஜஸ்ட் பண்ணிட்டோம்' என்று எச்.ஆர். சொன்னால் அதற்கு இரண்டு அர்த்தம் இருக்கலாம். ஒன்று, நோட்டீஸே குறைந்தது. மற்றது, நீங்கள் லீவில் இருக்கிறீர்கள், சம்பளப் பட்டியலில் ஜூலை 2 வரை பெயர் ஓடுகிறது. கடிதத்தில் உள்ள தேதியையும் பி.எஃப். கணக்கில் ஏறும் வெளியேறிய தேதியையும் ஒப்பிட்டால் எது என்று தெரிந்துவிடும். லீவு நாள் பற்றாவிட்டால், குறையும் நாளுக்கான சம்பளத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு வாரச் சம்பளம் போனால் போகட்டும்.

"ரீட்டெயினரா வந்துடுங்களேன்" என்றும் சில கம்பெனிகள் கேட்கும். கட்சிக்காரருக்கு ஆலோசனை சொல்லிக் கட்டணம் வாங்குவதில் தவறே இல்லை. ஆனால் காலை ஒன்பதரைக்குக் கைரேகை வைக்க வேண்டும், பி.எஃப். பிடிப்பார்கள், லீவுக்கு அனுமதி கேட்க வேண்டும் என்றால் அது பெயர் மாறிய அதே வேலை. பில் எழுதிக் கட்டணம் வாங்குவதும், மற்ற கட்சிக்காரர்களையும் எடுத்துக்கொள்ளும் உரிமையும் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

விழாவுக்கு வர விரும்பும் அப்பா அம்மாவுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அரசு ஊழியராக இருந்தாலும் ஒரு கேஷுவல் லீவு போட்டுவிட்டு வரலாம்.

பதிவுக்குப் பிறகு மீண்டும் வேலைக்குப் போக நேர்ந்தால், 49ஆம் விதியே வழி சொல்கிறது: பார் கவுன்சிலுக்குத் தெரிவித்துவிட்டு, அந்த வேலையில் இருக்கும் வரை வழக்கறிஞர் தொழிலை நிறுத்திவைக்க வேண்டும். நீதிமன்றத்தில் ஆஜராகும் எண்ணமே இல்லாமல் கம்பெனிச் சட்டப் பிரிவிலேயே இருக்கப் போகிறவர், இப்போதைக்கு ராஜினாமாவும் தர வேண்டாம், பதிவும் செய்ய வேண்டாம்.