ஒரு நாற்காலிக்கு எத்தனை காவலாளிகள்?

ஆக்லாந்தின் பென்ரோஸ் பகுதியில், கிரேட் சவுத் ரோட்டை ஒட்டிய ஒரு கிடங்கின் வாசலை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். லாரிகள் நுழையும் கேட், பக்கத்தில் ஒரு சின்ன அறை, அதில் ஒரு நாற்காலி. அந்த நாற்காலி வருஷத்தில் ஒரு நிமிஷம்கூடக் காலியாக இருக்கக் கூடாது என்பதுதான் ஒப்பந்தம்.

நம்பிக்கை: மூன்று ஷிஃப்ட், அதனால் மூன்று பேர்.

இது ஒரு நாள் கணக்கு. வாரத்துக்கு 168 மணி நேரம். மூன்று பேர் பங்கிட்டால் ஆளுக்கு 56 மணி நேரம், வார விடுமுறையே கிடையாது. ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் மற்ற இருவரும் 12 மணி நேரம் உட்கார வேண்டியதுதான்.

நம்பிக்கை: 168ஐ 40ஆல் வகுத்தால் 4.2. நாலு பேரும் கொஞ்சம் ஓவர்டைமும் போதும்.

விலைப்புள்ளி போடுகிறவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். வகுத்தல் சரி; 40 தான் தப்பு. சம்பளம் வாங்கும் 40 மணி நேரமும் ஒருவர் நாற்காலியில் இருப்பதில்லை.

வருஷக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். 52 வாரத்துக்கு 2080 மணி நேரம். நியூசிலாந்துச் சட்டப்படி வருடாந்தர விடுப்பு நாலு வாரம், 160 போனது. நோய் விடுப்பு 10 நாள்; எல்லாரும் முழுசாக எடுப்பதில்லை, 7 நாள் என்று வைத்தால் 56. பொது விடுமுறை 12 நாள். கிடங்கு மூடியிருக்கும் கிறிஸ்துமஸ் அன்றும் கேட்டில் ஆள் வேண்டும். வழக்கமாக வேலை இருக்கும் நாளில் அந்த விடுமுறை வந்து, ஒருவர் அன்று வேலை பார்த்தால், ஒன்றரைப் பங்கு கூலியோடு பிறகு சம்பளத்துடன் ஒரு மாற்று விடுமுறையும் தர வேண்டும். வாரம் ஐந்து நாள் வேலைக்காரருக்கு அப்படி எட்டு நாள் வரும் என்று வைத்தால் 64. பயிற்சிக்கு இரண்டு நாள், 16. மொத்தம் 296 மணி நேரம் கழிகிறது. மிஞ்சுவது 1784.

நாற்காலிக்கு வேண்டியது 8760. ஷிஃப்ட் மாறும்போது சாவி, பதிவேடு, நடந்த விவரம் எல்லாம் கைமாற்ற 15 நிமிஷம் சேர்த்தால், நாளைக்கு மூன்று முறை, வருஷத்துக்கு 274. மொத்தம் 9034. இதை 1784ஆல் வகுத்தால் 5.06.

ஆக, ஐந்து பேரும் கொஞ்சம் சில்லறையும். நாலு பேரை வைத்து ஓட்டினால் அந்த ஒரு ஆள் வேலை மற்றவர்களின் தூக்கத்திலிருந்துதான் வரும்.

இதில் சாப்பாட்டு இடைவேளையை நான் சேர்க்கவில்லை. எட்டு மணி நேர ஷிஃப்டுக்குச் சட்டம் தருவது அரைமணி சாப்பாட்டு நேரமும் இரண்டு பத்து நிமிஷ ஓய்வும். மூன்று ஷிஃப்டுக்கு நாளைக்கு இரண்டரை மணி நேரம், வருஷத்துக்கு 900க்கு மேல். அதாவது இன்னும் அரை ஆள். ரோந்து வண்டிக்காரர் வந்து மாற்றிவிடுகிறார் என்றால், செலவு அவர் கணக்கில் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

நம்பிக்கை: 12 மணி நேர ஷிஃப்டுக்கு மாறினால் ஆள் குறையும்.

நாலு நாள் வேலை, நாலு நாள் ஓய்வு என்று நாலு பேரைப் போட்டால் ரோஸ்டர் தாளில் அழகாகப் பொருந்தும். ஆனால் ஆளுக்குச் சராசரி 42 மணி நேரம். நாலு பேரும் ஒரு நாள்கூட லீவு போடாதவரை மட்டுமே அது நிற்கும். சாவி கைமாறுவது மூன்று முறையிலிருந்து இரண்டாகக் குறைவது உண்மையான மிச்சம். அதேசமயம் நோய் விடுப்பைச் சட்டம் நாளாக எண்ணுகிறது. இங்கே ஒரு நாள் போனால் 12 மணி நேரம் போனது. கூட்டிக் கழித்தால் 40 மணி நேர ஆள் கணக்கில் ஏறக்குறைய பழைய எண்ணுக்கே வந்து சேரும்.

நம்பிக்கை: பட்டியலில் ஐந்து பெயர் இருக்கிறது, பிரச்சினை இல்லை.

எண்ண வேண்டியது தலையை அல்ல, மணி நேரத்தை. நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் மாணவர் விசாவில் இந்த வேலைக்கு வருகிறார்கள். படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம் என்ற வரம்பு 2025 நவம்பரில்தான் 25 ஆனது. பட்டியலில் அவர் ஒரு பெயர், நாற்காலியில் பாதி ஆளுக்குச் சற்று மேல். ஒருவர் வேலையை விட்டுப்போனால் பதிலுக்கு யாரையாவது தெருவிலிருந்து கூட்டிவந்து உட்கார வைக்கவும் முடியாது. 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி காவலாளிக்கு அனுமதிச் சான்று வேண்டும். அது வர ஆறு வாரம் என்றால், கேட்டில் 240 மணி நேரம் ஓட்டை.

ஆள் போதவில்லை என்பது கணக்குக்கு முன்னால் ரோஸ்டரிலேயே தெரிந்துவிடும். இரவு பதினொன்றுக்கு முடித்த பெயர் மறுநாள் காலை ஏழுக்கு மறுபடி இருக்கும். எடுக்காத லீவு எல்லாருக்கும் ஏறிக்கொண்டே போகும். மாதத்தில் இரண்டு மூன்று இரவு மேற்பார்வையாளரே அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்.