பத்தாவும் பக்காலாவும்



ஊரிலிருந்து வந்தவர் தம்மாம் வரை கையில் கொண்டுவந்த கவரின் படத்தையும், அதை ரியாத்துக்கு அனுப்ப நீங்கள் கூரியர்காரருக்கு எழுதிக்கொடுத்த அரபு முகவரியையும் பார்த்தேன். கவரில் முகவரி எழுதிய அம்மாவின் கையெழுத்தில் ‘ர’வும் துணைக்காலும் ஒன்றுபோல இருக்கின்றன. ‘பக்கரலர’ என்று கண்ணில் படுவதைப் ‘பக்காலா’ என்று கண்டுபிடித்தீர்களே, அபாரம்! ‘மசூதிக்குப் பின்னாடி’ என்பதை خلف المسجد என்று பொருளாக மாற்றியதும் மிக நன்று.

ஆனால் ‘பத்தா’வை باتا என்று எழுதியிருப்பதைப் பார்த்துக் கோபம் வந்தது. அது செருப்புக் கம்பெனியின் பெயர். ரியாத்தின் அந்தப் பகுதி البطحاء. நம்மவர்கள் வாயில் அது பத்தாவாகி, ஊருக்குப் போய், கவரில் ஏறித் திரும்பி வந்திருக்கிறது. அரபியின் ت, ط இரண்டுக்கும் நம்மிடம் ஒரே ‘த’தான்; ح வழியிலேயே தொலைந்துவிட்டது. மளிகைக்கடையான பக்காலாவும் அப்படித்தான்: அது بقالة, நீங்கள் எழுதிய باكالا அல்ல. அரபியிலிருந்து வந்த சொல்லை ஒலிபெயர்க்காதீர்கள், அதன் சொந்த எழுத்துக்கே திருப்புங்கள். சந்தேகமா, மேப்பில் அரபியில் தட்டிப் பாருங்கள்.

ஆள் பெயருக்கு வழி வேறு. ‘பழனி’யை ஆங்கில வழியாகச் சுற்றிக் கொண்டுபோய் ழகரத்துக்கு ز போட்டிருக்கிறீர்கள். தமிழ் காதில் விழுந்த எவரும் அப்படிச் செய்யலாமா? ل போடுவதே நெருக்கம். அதைவிட நல்லது, பெறுபவரின் இக்காமாவைப் படமெடுத்து அனுப்பச் சொல்வது. அதில் அவர் பெயர் அரபியிலேயே இருக்கும். பிழையோடு இருந்தாலும் அப்படியே எழுதுங்கள். கவரைக் கொடுப்பவர் ஒப்பிட்டுப் பார்ப்பது அதைத்தான்.

நான் ரியாத்தில் இருந்த காலத்தில் கடிதங்கள் கம்பெனியின் தபால் பெட்டிக்குத்தான் வரும். பெட்டி எண் சரியாக இருந்தால், பெயர் எப்படி இருந்தாலும் கேம்ப்பில் யாராவது கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். மேஜைமேல் குவிந்த கடிதங்களில் தன் வீட்டுக் கையெழுத்தை வைத்தே தன்னுடையதைப் பொறுக்கி எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்று டிரைவர் தனி ஆளாக வருகிறார். வழி தெரியாவிட்டால் போன் செய்வார்.

அந்தப் போன் எண்ணையும் கெடுத்துவிட்டீர்கள். அந்த அம்மா எழுதியபடி நடுவில் இடம் விட்டே தட்டியிருக்கிறீர்கள். அரபு வரி வலமிருந்து ஓடுவதால், இடைவெளி விட்ட எண் துண்டுதுண்டாகி, முதல் துண்டு வலக்கோடிக்குப் போய்விட்டது. இடப்பக்கம் 05 என்று தொடங்க வேண்டிய எண் அதன் வால்துண்டில் தொடங்குகிறது. பத்து இலக்கங்களையும் இடைவெளியில்லாமல் சேர்த்துத் தட்டினால் இந்தக் கோளாறு வராது. பெறுபவருடைய தேசிய முகவரியின் சுருக்கக் குறியீட்டையும் கேட்டு வாங்குங்கள்: 4 எழுத்து, 4 எண். அது இருந்தால் கட்டடம் வரை வழி கிடைத்துவிடும்.

கவர் இன்னும் தம்மாமைவிட்டுப் புறப்படவில்லையென்றால், இன்றே அந்த லேபிளை மாற்றி ஒட்டச் சொல்லுங்கள்.