விரதம் முடிஞ்ச பிறகும் சாப்பிடாத பொண்ணு

கீழப்பாவூர் நரசிம்மர் கோயில்ல மாசாமாசம் சுவாதி நட்சத்திரத்தன்னைக்கு நல்ல கூட்டம் வரும். விரதம் இருக்கறவங்க பூஜை முடிஞ்சதும் பிரசாதம் வாங்கிச் சாப்பிட்டு விரதத்தை முடிச்சுக்குவாங்க. இந்தக் கட்டுரையில வர்ற பொண்ணுக்கும் அந்த ஊர்தான். உண்மையைச் சொல்லணும்னா அவள் ஒரே ஆள் இல்லை. எனக்குத் தெரிஞ்ச மூணு நாலு பேரை, அடையாளம் தெரியாம இருக்க, ஒருத்தியாக்கி எழுதறேன்.

முதல் வருஷம் சுவாதி விரதம் மட்டும். புரட்டாசி வந்ததும் சனிக்கிழமையும் சேர்ந்துச்சு. புரட்டாசி முடிஞ்சுது, சனிக்கிழமை முடியலை. அப்புறம் செவ்வாய், அப்புறம் ஏகாதசி. மூணாவது செமஸ்டர்ல வாரத்துல பாதி நாள் ஏதோ ஒரு சாமி பேர்ல மெஸ்ஸுக்கு வர மாட்டாள். மீதி நாள் கேஸ்டிரிக். ஊருக்குப் போனா, பீடி சுத்திக்கிட்டிருக்கற அம்மா சொளவை மடியில வச்சபடியே, "ஏட்டி, ரெண்டு இட்லியாச்சும் தின்னுட்டுப் போ"ன்னு சொல்லுவாங்க. "வயிறு உப்புசமா இருக்கும்மா"ன்னுட்டுப் போயிடுவாள். டாக்டர்கிட்ட காட்டினாங்க. கேஸ் மாத்திரை கொடுத்தார். ஸ்கேன்ல ஒண்ணும் இல்லை. எல்லாருக்கும் நிம்மதி.

உணவுக் கோளாறுன்னா கண்ணாடி முன்னாடி நின்னு "நான் குண்டு"ன்னு அழற பணக்காரப் பொண்ணுதான் நம்ம மனசுல வர்றாள். சினிமா கொடுத்த படம் அது. நம்ம பக்கம் பெரும்பாலும் அப்படி வர்றதில்லை. 1995-ல டெல்லி மனநல மருத்துவர்கள் ஐந்து இளம்பெண்களைப் பத்தி எழுதினாங்க. சாப்பிட மறுத்தாங்க, வாந்தி எடுத்தாங்க, நிறைய மெலிஞ்சாங்க, மாதவிடாய் நின்னுபோச்சு. ஆனா தன் உடம்பு குண்டா இருக்குங்கற எண்ணம் அவங்ககிட்ட தெரியலை. ஹாங்காங்லயும் அதே காலத்துல, "வயிறு நிறைஞ்ச மாதிரி இருக்கு, பசிக்கலை"ன்னு மட்டும் சொல்ற நோயாளிகளை மருத்துவர்கள் நிறைய பார்த்தாங்க. அந்தந்த ஊர்ல எந்தக் காரணத்தைச் சொன்னா யாரும் திருப்பிக் கேக்க மாட்டாங்களோ, நோய் அந்தக் காரணத்துக்குள்ள போய் உக்காந்துக்கும். நம்ம ஊர்ல அது விரதமும் கேஸ்டிரிக்கும்தான்.

"இதெல்லாம் நம்ம பிள்ளைங்களுக்கு வராது"ன்னு சொல்றவங்களுக்கு இன்னொண்ணு. 1990-கள்ல, இன்ஸ்டாகிராம் பிறக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே, சென்னையில 210 மருத்துவ மாணவர்கள்கிட்ட ஒரு ஆய்வு நடந்துச்சு. 31 பேருக்குச் சாப்பாடு, எடை பத்தின தொந்தரவு இருந்துச்சு, கிட்டத்தட்ட ஏழு பேர்ல ஒருத்தர். முழு நோய்னு சொல்ற அளவுக்கு இல்லை, ஆனா இல்லைன்னும் சொல்ல முடியாது. நாளைக்கு டாக்டராகப் போறவங்க கதையே அதுதான்.

அப்போ உண்மையான விரதத்தை எப்படிப் பிரிச்சுப் பார்க்கறது? என் கணக்குல ஒரே கேள்விதான்: அது முடியுதா? ஆச்சி விரதம் இருந்தா சாயங்காலம் சந்தோஷமா சாப்பிடுவாங்க, மறந்துபோய் ஒரு வாய் காப்பி குடிச்சுட்டா சாமிகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வேலையைப் பார்ப்பாங்க. இவளுக்கு விரதம் முடியற நேரம்தான் பயமே. பிரசாதத்தைக் கையில வாங்கி, காகிதத்துல மடிச்சு, பைக்குள்ள வச்சு, ராத்திரி ஹாஸ்டல் குப்பையில போட்டாள். அதை நான் பார்த்தேன். பார்த்துட்டும் ஒரு மாசம் ஒண்ணும் சொல்லலை.

இன்னொரு அறிகுறி என்னை ரொம்பக் குழப்புச்சு. சாப்பிடவே பிடிக்காதவள் ராத்திரி ஒரு மணி வரைக்கும் சமையல் வீடியோ பார்ப்பாள். பார்டர் பரோட்டாவுக்கு எந்தக் கடை சால்னா நல்லா இருக்கும்னு மணிக்கணக்கா பேசுவாள். எங்களுக்கு வாங்கிக் கொடுத்துட்டு நாங்க சாப்பிடறதைப் பார்த்துக்கிட்டே இருப்பாள். "சாப்பாட்டு மேல இவ்ளோ ஆசை இருக்கறவளுக்கு என்ன நோய்"னு நாங்க சிரிச்சோம்.

இதுக்குப் பதில் 1944-45-ல அமெரிக்காவுல நடந்த மினசோட்டா பட்டினிப் பரிசோதனையில இருக்கு. ஆன்செல் கீஸ் என்பவர் நல்ல ஆரோக்கியமான 36 இளைஞர்களுக்கு, அவங்க சம்மதத்தோட, 24 வாரம் அரைவயிறு சாப்பாடு கொடுத்தார். அவங்க யாருக்கும் உடம்பு பத்தி எந்தக் கவலையும் இருந்ததில்லை. ஆனா சில வாரத்துல சமையல் புத்தகம் சேர்க்க ஆரம்பிச்சாங்க, தட்டுல இருக்கறதை மணிக்கணக்கா பிசைஞ்சு பிசைஞ்சு சாப்பிட்டாங்க, குளிருதுன்னாங்க, எரிஞ்சு விழுந்தாங்க, கூட்டத்தை விட்டு ஒதுங்கினாங்க. பழையபடி சாப்பாடு கிடைச்சதும் சிலர் நிறுத்த முடியாம சாப்பிட்டாங்க. ஆக, சாப்பாட்டையே நினைக்கறது பட்டினி கிடக்கற மூளையோட வேலை, அவளோட குணம் இல்லை. ராத்திரி திடீர்னு ஒரு பாக்கெட் பிஸ்கட்டும் மிக்சரும் காலியாகறதும், அதுக்கப்புறம் வர்ற வெட்கமும், மறுநாள் இன்னும் கடுமையான பட்டினியும் இதே சங்கிலிதான். சிலர் சாப்பிட்டதும் நேரா பாத்ரூமுக்குப் போய்த் தண்ணிக்குழாயைத் திறந்து விடுவாங்க. கன்னத்துக்குக் கீழ வீக்கம், விரல் முட்டியில தழும்பு, பல் கூச்சம் தெரிஞ்சா சந்தேகப்படுங்க. இவங்க பார்க்க ஒல்லியா இருக்கணும்னு அவசியமே இல்லை. எடை சாதாரணமா இருந்தாலும் அடிக்கடி வாந்தி எடுத்தா ரத்தத்துல பொட்டாசியம் இறங்கும். பொட்டாசியம் இறங்கினா இதயத்துடிப்பு தடுமாறும்.

மருத்துவர்கள் முதல்ல கேக்கற ஐந்து கேள்வி உண்டு. பிரிட்டன்ல 1999-ல வெளிவந்தது, நம்ம பேச்சுல இப்படி வரும். வயிறு ரொம்ப நிறைஞ்சுட்டதா தோணி நீங்களே வாந்தி எடுக்கறீங்களா? எவ்வளவு சாப்பிடறோம்ங்கற கட்டுப்பாடு போயிட்டதா கவலைப்படறீங்களா? மூணு மாசத்துல ஆறு கிலோவுக்கு மேல குறைஞ்சிருக்கா? மத்தவங்க ஒல்லின்னு சொல்லும்போதும் நீங்க குண்டா இருக்கறதா நம்பறீங்களா? சாப்பாடுதான் வாழ்க்கையை ஆளுதுன்னு சொல்லுவீங்களா? ரெண்டுக்கு "ஆமா" வந்தா டாக்டரைப் பார்க்கணும். நோய் உறுதின்னு இதுக்கு அர்த்தமில்லை. ரெண்டு வராட்டி நோயே இல்லைன்னும் அர்த்தமில்லை. நாலாவது கேள்விக்கு அவள் நேர்மையா "இல்லை"ன்னுதான் சொல்லியிருப்பாள்.

அதே கேள்வி இன்னொருத்தரையும் தவறவிட்டுச்சு. பிறக்கும்போது பெண்ணுன்னு பதிவாகி, தன்னை ஆணா உணர்ற ஒரு நண்பன், திருநம்பி. அவன் ஒல்லியாக ஆசைப்படலை. உடம்பு பெண்ணுடம்பா வளர்றது நிக்கணும்னுதான் சாப்பாட்டைக் குறைச்சான். மாதவிடாய் நின்னது மத்தவங்களுக்கு எச்சரிக்கை, அவனுக்கு நிம்மதி. அதனால யார்கிட்டயும் சொல்லலை. தன்பாலீர்ப்புள்ள பையன்கள்ல வேற மாதிரி வரும். ஜிம், 'கட்டிங்', வாரம் முழுக்க அளந்து சாப்பாடு, ஞாயித்துக்கிழமை கட்டுப்பாடில்லாத சாப்பாடு, திங்கள்கிழமை தண்டனை மாதிரி ஓட்டம். பையன் செய்யறதால எல்லாரும் கைதட்டறாங்க. கிண்டல், ஒளிச்சு வாழ்ற பாரம், ஆப்ல போட்டோவை வச்சே ஒதுக்கப்படறதுன்னு பல பாதையில இது பால்புதுமையர்கிட்ட வந்து சேருது.

அவங்க ஆஸ்பத்திரிக்குப் போகாததுக்கு முக்கியக் காரணம் பயம்: "வீட்டுல சொல்லிடுவாங்க, என்னையே மாத்தப் பார்ப்பாங்க." 2021 ஜூன்ல சென்னை உயர் நீதிமன்றத்துல நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், ஒருத்தரோட பாலீர்ப்பையோ பாலின அடையாளத்தையோ 'மாத்தற சிகிச்சை'க்குத் தடை சொன்னார். 2017 மனநலச் சட்டப்படி, உங்க சிகிச்சை விவரத்தை ரகசியமா வைக்கறது டாக்டரோட கடமை. உயிருக்கு ஆபத்து மாதிரி சில விதிவிலக்கு மட்டும் உண்டு. சாப்பாட்டுப் பிரச்னைக்குப் போக, முதல் நாளே பாலின அடையாளத்தைச் சொல்லணும்னும் இல்லை. நண்பரா இருக்கற நீங்க வார்டன்கிட்ட பேசப்போனா, "இவர் சாப்பிடறதில்லை, மயங்கி விழுந்தார்"னு மட்டும் சொல்லுங்க. மீதியைச் சொல்றது அவர் உரிமை.

கடைசியில நான் பேசினது ஒரு சனிக்கிழமை, மொட்டைமாடியில, ரெண்டு பேர் மட்டும். சாப்பாட்டு நேரத்துல பேசக்கூடாதுன்னு மட்டும் தெரிஞ்சிருந்துச்சு. "நீ ஒல்லியாயிட்ட"ன்னு தொடங்கலை. அது அவளுக்குப் பாராட்டு. பார்த்ததை மட்டும் சொன்னேன்: "பிரசாதத்தைக் குப்பையில போட்டதைப் பார்த்தேன். படியேறும்போது கண்ணு இருட்டுதுன்னு சொன்ன. எனக்குப் பயமா இருக்குட்டி." முதல்ல கோபப்பட்டாள். ரெண்டு நாள் பேசலை. மூணாவது நாள், "டாக்டர்கிட்ட நீயும் வர்றியா"ன்னு கேட்டாள்.

அங்க "கேஸ்டிரிக்"னு சொல்லாம, "மூணு மாசமா மாதவிடாய் வரலை, எழுந்தா தலை சுத்துது, சாப்பிடப் பயமா இருக்கு"ன்னு தாள்ல எழுதிக் கொடுத்தோம். அதுக்கப்புறம்தான் படுத்தபடி, நின்னபடின்னு ரெண்டு தடவை ரத்த அழுத்தமும் நாடியும் பார்த்தாங்க. ஈசிஜி, ரத்தத்துல பொட்டாசியம், பாஸ்பேட், சர்க்கரை எடுத்தாங்க. ரிப்போர்ட் நார்மல்னு வந்தா ஏமாந்துடாதீங்க. உடம்பு ரொம்ப நாள் சமாளிச்சுக் காட்டும்.

சும்மா இருக்கும்போதே நாடி நிமிஷத்துக்கு 50-க்குக் கீழ, மயக்கம், நெஞ்சுவலி, வாந்தியில ரத்தம், சாகணும்ங்கற பேச்சு, இதுல எது வந்தாலும் அப்பாயின்ட்மென்ட் எல்லாம் பார்க்காம அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்க, 108-ஐக் கூப்பிடுங்க. ஐந்து நாளுக்கு மேல கிட்டத்தட்ட ஒண்ணுமே சாப்பிடாத ஒருத்தருக்கு பாசத்துல பிரியாணி ஊட்டிடாதீங்க. திடீர்னு சாப்பாடு வந்ததும் பாஸ்பேட் செல்லுக்குள்ள போயிடும், ரத்தத்துல இறங்கிடும், உயிருக்கே ஆபத்து. அவங்களுக்கு ஆஸ்பத்திரியிலதான் கொஞ்சம் கொஞ்சமா கூட்டணும்.

தென்காசி பக்கம் இருக்கறவங்க மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையில மாவட்ட மனநலத் திட்ட டாக்டர் எந்த நாள் வர்றார்னு கேளுங்க. பெரிய அளவுல பார்க்கணும்னா திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில மனநலப் பிரிவு இருக்கு. நேர்ல போகத் தயக்கமா இருந்தா டெலிமானஸ் 14416. இலவசம், எந்த நேரமும், தமிழ்லயே பேசலாம்.

உடனடி ஆபத்து இல்லைன்னு டாக்டர் சொன்ன பிறகு சிகிச்சையோட முதல் படி ரொம்பச் சாதாரணமானது. மூணு வேளைச் சாப்பாடு, நடுவுல ரெண்டு சிறு தீனி, நாலு மணி நேரத்துக்கு மேல இடைவெளி விடக்கூடாது. என்ன சாப்பிடறோம்ங்கறது அப்புறம். அவளுக்குப் போட்ட நேரம்: காலை எட்டுக்கு டிபன், பதினொண்ணு இடைவேளையில வாழைப்பழம், ஒரு மணிக்குச் சோறு, நாலரைக்கு டீயோட சுண்டல், எட்டு மணிக்கு ராச்சாப்பாடு. பசிச்சாலும் பசிக்காட்டாலும். பட்டினியில குழம்பின வயிறு ஒழுங்கா பசியைச் சொல்ல வாரக்கணக்காகும், உப்புசமும் அப்போ கொஞ்சம் கூடத்தான் செய்யும். அந்தச் சமயத்துலதான் நிறைய பேர் விட்டுடறாங்க. நாங்க பக்கத்துல உக்காந்து செமஸ்டர், சினிமா, சாரல்னு பேசினோம். தட்டைப் பார்க்கலை. சாப்பிட்டு முடிச்சு அரைமணி நேரம் தனியா விடலை.

வீட்டுல டாக்டரே பேசினார். விரதத்தை ஒரு வருஷம் நிறுத்தணும்னதும் அம்மாவுக்குத் தயக்கம். ஆச்சிதான், "சாமி கோவிச்சுக்காது, நான் சேத்து இருந்துக்கிடுதேன்"னு முடிச்சு வச்சாங்க. எங்களுக்குத் தெரியாம இடறின இடம் ஒண்ணு உண்டு. தீபாவளிக்கு ஊருக்குப் போனப்போ சித்தி பிரியமாத்தான் சொன்னாங்க: "இப்பதாம்ளா முகம் தெளிஞ்சிருக்கு, உடம்பு பூசுனாப்பல இருக்கு." அவள் காதுல அது "குண்டாயிட்ட"ன்னு விழுந்துச்சு. நாலு நாள் சாப்பாடு மறுபடியும் நின்னுபோச்சு. பொங்கலுக்குப் போறதுக்கு முன்னாடி அம்மா சித்திக்குப் போன் போட்டு, உடம்பு பத்தி நல்லதாக்கூட ஒண்ணும் சொல்ல வேண்டாம்னு சொல்லி வச்சாங்க. சித்தி அந்தத் தடவை அரியர் எத்தனைன்னு கேட்டாங்க.