ததீயாராதனமும் ஹரித்ராநதியும்: உத்ஸவ பத்ரிகையைப் பிற லிபியில் எழுதும் முறை

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

தக்ஷிண த்வாரகை என்று போற்றப்படும் மன்னார்குடியில் ஸ்ரீராஜகோபாலனுக்குப் பங்குனி மாதத்தில் 18 நாள் ப்ரஹ்மோத்ஸவம் நடைபெறுவது ப்ரஸித்தம். உத்ஸவ பத்ரிகையின் புகைப்படம் இன்று கைபேசி வழியே தூரதேசங்களில் உள்ள பாகவதர்களையும் சென்றடைகிறது. அவர்களுள் தமிழ் பேசினாலும் தமிழெழுத்து அறியாதவர்கள் பலர். தெலுங்கு, கன்னடம் அல்லது தேவநாகரியில் எழுதித் தந்தால்தான் அவர்களால் வாசிக்க இயலும். அவ்வாறு எழுதித் தருபவர் கவனிக்க வேண்டியவற்றை, இத்தகைய பத்ரிகைகளில் வழக்கமாக வரும் சொற்களைக் கொண்டே இங்கு ஆராய்வோம்.

படத்தைப் பிரதி செய்தல்

முதலில் படத்தில் உள்ளதைத் திருத்தாமல், எழுத்துக்கு எழுத்து தமிழிலேயே பிரதி செய்துகொள்ள வேண்டும். மங்கலான படத்தில் ஜகரமும் ஐகாரமும் ஒன்றுபோலத் தோன்றும். "ராஜகோபாலன்" என்பது "ராஐகோபாலன்" என்று தட்டச்சாகிவிடுவது அடிக்கடி நேர்வது. திரையில் இவ்விரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே தெரியும். வேறு லிபிக்கு மாற்றிய பின்னரே பிழை வெளிப்படும். சொல்லின் நடுவில் ஐகாரம் தனி உயிரெழுத்தாக நின்றால், அது பெரும்பாலும் ஜகரமாகவே இருக்கும்.

க்ரந்த எழுத்து காட்டுவதும் காட்டாததும்

முற்காலத்து மணிப்ரவாள ஓலைகளில் வடசொற்களைக் க்ரந்த லிபியிலும் தமிழ்ச்சொற்களைத் தமிழ் லிபியிலும் எழுதினார்கள். ஆகவே எந்தச் சொல் எம்மொழியினது என்பது பார்த்த மாத்திரத்தில் விளங்கிற்று. இன்றைய பத்ரிகையில் எஞ்சியிருப்பவை ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ, ஸ்ரீ ஆகிய சில எழுத்துகளே. வர்க்கத்தின் இரண்டாம், மூன்றாம், நான்காம் எழுத்துகள், ஜகரம் நீங்கலாக, தமிழ் அச்சில் இடம்பெறவில்லை. ஆதலால் ஒரு சொல்லில் க்ரந்த எழுத்து இருந்தால் அது வடசொல் என்று ஊகிக்கலாமேயன்றி, அச்சொல்லின் மற்ற எழுத்துகள் எவை என்று அதனால் அறிய முடியாது.

திருக்கோயிலின் புஷ்கரிணியான ஹரித்ராநதியை எடுத்துக்கொள்வோம். முதலெழுத்து ஹகரமாதலால் இது வடசொல் என்பது தெளிவு. ஆனால் அடுத்து வரும் இரண்டு தகரங்களும் உண்மையில் வர்க்கத்தின் மூன்றாம் எழுத்துகள். ஸ்தோத்ர புத்தகங்களில் உள்ளபடி எண்ணிட்டு எழுதினால் அது "ஹரித்³ராநதீ³" ஆகும். ஹரித்³ரா என்பது மஞ்சள். தகரத்துக்கு எப்போதும் முதலெழுத்தையே இட்டு மாற்றினால் "ஹரித்ராநதி" என்றே தேவநாகரியில் விழும். அங்கு "ஹரித்ரா" என்பதற்குப் பொருளில்லை. "நதி" என்பது ஆறு என்னாமல் வணக்கம் என்று பொருள்படும்.

க்ரந்த எழுத்தே இல்லாத வடசொல்லும் உண்டு. எல்லாப் பத்ரிகைகளிலும் வரும் "ததீயாராதனம்" அத்தகையது. பார்வைக்கு முழுவதும் தமிழெழுத்து. இதில் தகரம் மூன்று இடங்களில் வருகிறது, மூன்றும் வெவ்வேறு. "ததீ³ய" என்பதில் முதலாவது வர்க்கத்தின் முதலெழுத்து, இரண்டாவது மூன்றாமெழுத்து. "ஆராத⁴நம்" என்பதில் உள்ளது நான்காமெழுத்து. ஆகவே "ததீ³யாராத⁴நம்" என்றே எழுத வேண்டும். பத்ரிகையில் உள்ள றன்னகரமும் இங்கு தந்நகரமாகும்; வடமொழியில் றன்னகரம் இல்லை.

சகரத்தின் நிலையும் இதுவே. ப்ரஹ்மோத்ஸவ பத்ரிகைகளின் வாஹனப் பட்டியலில் சந்திரப்பிரபை, சூரியப்பிரபை, சேஷ வாகனம் என்று வருவதைக் காண்க. சந்த்³ரனில் உள்ளது சகரமே. ஸூர்யனில் உள்ளது ஸகரம். ஶேஷனில் உள்ளது ஶகரம். "வாகனம்" என்பதில் ககரம் ஹகரத்துக்காக நிற்கிறது. "பிரம்மோற்சவம்" என்று அச்சிட்டிருந்தால், "ற்ச" என்பது "த்ஸ" என்பதன் தமிழ் வடிவம்; மூலம் "ப்³ரஹ்மோத்ஸவம்". ஆகவே எழுத்தைப் பார்த்து மாற்றாமல், சொல்லை அடையாளம் கண்டு, அதன் மூல வடிவத்தை நிச்சயித்த பின்னரே எழுத வேண்டும்.

ஸ்ரீகாரமும் விஸர்க்கமும்

பத்ரிகையின் தலைப்பிலுள்ள "ஸ்ரீ:" என்பதில் இரண்டு நுட்பங்கள் உண்டு. ஸ்ரீ என்னும் கூட்டெழுத்தின் மூலம் ஶகரம். கணினியில் இதை இரண்டு விதமாகத் தட்டச்சு செய்யலாம்:

```
ஸ்ரீ   U+0BB8 U+0BCD U+0BB0 U+0BC0
ஶ்ரீ   U+0BB6 U+0BCD U+0BB0 U+0BC0
```

பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவமாகத் தெரியும். முதல் வகையை மாற்றி நிரலில் இட்டால், தேவநாகரியில் ஶகரத்துக்குப் பதிலாக ஸகரம் வரும். ஆகவே மாற்றிய பின் ஸ்ரீ வரும் இடங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அடுத்து, "ஸ்ரீ:", "நம:" என்பவற்றில் உள்ள இரு புள்ளிகள் விஸர்க்கம், நிறுத்தக்குறி அல்ல. தேவநாகரியில் அதற்குரிய எழுத்து U+0903. அதை இடாமல் விட்டால் வாசிப்பவர் "நம" என்று நிறுத்திவிடுவார்.

தமிழ்ச்சொற்களை அப்படியே காத்தல்

வடசொற்களுக்கு மூலத்தைத் தேடுவது போலவே, தமிழ்ச்சொற்களுக்கு மூலம் தேடாமலிருப்பதும் அவசியம். தாயாரின் திருநாமம் "செங்கமலத் தாயார்". வடமொழியில் "ஹேமாப்³ஜ நாயகி" என்றும் வழங்குவதால் சிலர் அதையே எழுதிவிடுவர். ஹேமம் பொன்னைக் குறிக்கும்; செங்கமலம் செந்தாமரை. பத்ரிகையில் எந்தத் திருநாமம் உள்ளதோ அதுவே பிற லிபியிலும் இருக்க வேண்டும். "செ" என்பதன் குறில் எகரத்துக்குத் தெலுங்கிலும் கன்னடத்திலும் எழுத்து உண்டு. தேவநாகரியிலும் அதற்கென்று தனிக்குறி உண்டு.

ராஜகோபாலனின் வெண்ணெய்த்தாழி உத்ஸவம் மிகவும் விசேஷமானது. தாழி என்பது பானை. ழகரத்தை லகரமாக்கினால் "தாலி" ஆகிப் பொருளே மாறிவிடும். தேவநாகரியில் ழகரத்துக்கு U+0934 என்னும் எழுத்து இருக்கிறது; அதையே இட வேண்டும்.

இருமொழியும் கலந்த சொல்லில் எல்லையை அறிந்துகொள்ள வேண்டும். "சுபதினத்தில்" என்பதில் "ஶுப⁴தி³ந" வரை வடமொழி, "த்தில்" தமிழ். முன்னதில் மூலத்தை மீட்க வேண்டும். பின்னதில் தகரத்தைத் தகரமாகவே விட வேண்டும். இன்று வாழ்பவர்களின் பெயர்களை, வடசொல்லாயினும், அவர்கள் எழுதும் வடிவிலேயே விடுவது முறை.

சரிபார்த்தல்

எழுதி முடித்ததை மீண்டும் தமிழெழுத்துக்கு மாற்றிப் பிரதியோடு ஒப்பிட்டால், விடுபட்ட வரிகளும் ழகர றகரப் பிழைகளும் தெரியவரும். ஆனால் "நதி" போன்ற பிழைகள் இதில் தப்பிவிடும். ஏனெனில் நான்கு தகரங்களும் தமிழில் மீண்டும் ஒரே தகரமாகிவிடுகின்றன. அவற்றுக்கு ஒரே வழி, வடமொழி அறிந்த ஒருவர் பிற லிபியில் உள்ளதை வாய்விட்டு வாசிக்க, மற்றொருவர் தமிழ்ப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பதாகும். மூலம் நிச்சயிக்க இயலாத சொல்லைத் தமிழில் உள்ளபடியே எழுதி, அருகில் ஓர் அடையாளக் குறி இட்டுப் பெரியோரைக் கேட்டுத் தெளிவது நலம்.

அடியேன் ராமாநுஜ தாஸன்