கோர்ட்டுக்குப் போக லீவு... கதை சொல்லாமல் கேட்பது எப்படி?

காந்தி ரோடு பட்டுக்கடைகளில் கவுண்ட்டரில் நிற்கிற தங்கச்சிகளுக்காக இதை எழுதுகிறேன். ஜீவனாம்ச வழக்கோ, சொத்துத் தகராறோ, ஸ்டேஷனில் கொடுத்த புகாரோ, நாளைக்கு ஆஜராக வேண்டும் என்றால் லீவு கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் சிவகாஞ்சியில் மேனேஜரிடம் சொன்னது சாயந்திரத்துக்குள் விஷ்ணுகாஞ்சி வரைக்கும் போய்விடுகிற ஊர் இது. அதனால் எவ்வளவு சொல்வது என்பதை முன்கூட்டியே முடிவு பண்ணிக்கொள்.

காய்ச்சல் என்று சொல்லாதே

கோர்ட் வாசலில் உன்னை யாராவது பார்த்துவிட்டால் பொய் உடைந்துவிடும். பொய்யான மெடிக்கல் சர்டிபிகேட் கொடுத்திருந்தால் நடவடிக்கை எடுக்கவும் இடம் கொடுத்ததாகும். அதற்குத் தேவையே இல்லை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, உடம்பு சரியில்லாததற்கு வருஷத்துக்கு 12 நாள் சம்பளத்தோடு லீவு தருகிறது. அது போக, நியாயமான எந்தக் காரணத்துக்கும் இன்னொரு 12 நாள் உண்டு. கோர்ட் வேலை இந்த இரண்டாவது கணக்கில் வரும்.

மூன்று படி வைத்துக்கொள்

முதல் படி: "சொந்த வேலை சார்." பாதி இடங்களில் இதுவே போதும்.

இரண்டாவது படி, முகூர்த்த சீசனில் மேனேஜர் மறுத்தால்: "சட்ட சம்பந்தமான வேலை, தேதியை நான் மாற்ற முடியாது." 'குடும்ப விஷயம்' என்று சேர்க்காதே. அந்த ஒரு வார்த்தையே அடுத்த பத்துக் கேள்விக்கு வழி விடும்.

மூன்றாவது படி, ஆதாரம் கேட்டால்: சம்மனைக் காட்டு, கையில் கொடுக்காதே, போட்டோ எடுக்கவும் விடாதே. வழக்கு எண்ணையும் எதிர்த்தரப்பின் பெயரையும் மறைத்துவிட்டுத் தேதியும் கோர்ட் முத்திரையும் தெரிகிற மாதிரி காட்டு. வழக்கு எண் கிடைத்தால் eCourts தளத்தில் யார் வேண்டுமானாலும் தேடலாம். இதைவிட நல்லது, 'இந்தத் தேதியில் இவர் கோர்ட்டில் ஆஜராக வேண்டும்' என்று மட்டும் வக்கீலின் லெட்டர்பேடில் எழுதி வாங்குவது.

மெசேஜ் எப்படி இருக்கணும்?

செவ்வாய்க்கிழமை வழக்கு என்றால் வெள்ளிக்கிழமையே அனுப்பிவிடு. மேனேஜர் நம்பருக்கு மட்டும், கடை வாட்ஸ்அப் குரூப்பில் வேண்டாம்.

"சார், வரும் செவ்வாய்க்கிழமை தள்ளிப்போட முடியாத சட்ட வேலை இருக்கிறது. ஒரு நாள் லீவு வேண்டும். அன்று என் கவுண்ட்டரைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து கவுண்ட்டர் அக்காவிடம் பேசிவிட்டேன். புதன்கிழமை வழக்கம்போல வந்துவிடுவேன்."

அரை நாள் கேட்காதே. காலையில் 10.30-க்குப் போய் நின்றாலும், உன் வழக்கைக் கூப்பிடச் சாப்பாட்டு நேரம் தாண்டலாம். கோர்ட்டுக்குள் போனை அணைத்து வைக்க வேண்டியிருக்கும், 'லேட்டாகும்' என்று சொல்லக்கூட முடியாது.

"என்ன கேஸும்மா?" என்று நேராகவே கேட்டால், "முடிகிற வரைக்கும் பேச வேண்டாம்னு இருக்கேன் சார், லீவு மட்டும் கொடுங்க" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள். அதற்குமேல் விளக்கப் போனால் நீயாகவே கதையை ஆரம்பித்துவிடுவாய்.

ஸ்டேஷன் என்றால் லீவே வேண்டாமலும் போகலாம்

சாட்சியாக உன்னை விசாரிக்க வேண்டுமென்றால், பெண்ணை ஸ்டேஷனுக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179-வது பிரிவு சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிற சட்டம் இது. நீயாக விரும்பினால் ஸ்டேஷனுக்குப் போகலாம். அதனால் கடை லீவு விடுகிற நாளில் விசாரிக்க முடியுமா என்று முதலில் கேட்டுப் பார். ஆனால் உன் மேலேயே புகார் இருந்து நோட்டீஸ் வந்திருந்தால் இந்தச் சலுகையை நம்பாதே. குறித்த நேரத்துக்குப் போ, போகுமுன் வக்கீலிடம் பேசு.

கூடுதலாகச் சொல்ல வேண்டிய இடம்

எதிர்த்தரப்பு ஆள் கடைக்கே வந்து கலாட்டா பண்ணுவான் என்ற பயம் இருந்தால் மேனேஜரிடமும் வாட்ச்மேனிடமும் சொல்லிவிடு. ஆளின் போட்டோவைக் காட்டி, "இவர் வந்தால் என்னைக் கூப்பிடாதீங்க, இருக்கேனா இல்லையான்னும் சொல்லாதீங்க" என்றால் போதும். வழக்கு எதைப் பற்றியது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.  

வாய்தாவை மறக்காதே

வழக்கு ஒரே நாளில் முடியாது. 'இந்த ஒரு தடவைதான் சார்' என்று வாக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த மாதமே வாய்தாவுக்குப் போய் நிற்காதே. கோர்ட்டை விட்டு வெளியே வரும்போதே அடுத்த தேதியை வக்கீலிடம் கேட்டுக் குறித்துக்கொள். அன்று சாயந்திரமே மேனேஜருக்கு, "அடுத்த தேதி இது" என்று ஒரு வரி அனுப்பிவிடு. அது ஆடித் தள்ளுபடியிலோ கருட சேவைக் கூட்டத்திலோ வந்து விழுந்தால், ஆள் ஏற்பாடு பண்ண அவருக்கும் நேரம் கிடைக்கும்.