எந்தப் படம் அழகு என்று கேட்காதீர்கள்

காதர்பேட்டைக் கடைக்கு வருகிறவர் துணியை விரலால் தடவிப் பார்த்து வாங்குவார். வாட்ஸ்அப்பில் படம் பார்த்து ஆர்டர் போடுகிறவருக்கு அந்த வசதி இல்லை. அதனால் எடிட் செய்த படங்களில் எதைப் போடுவது என்று வாங்குகிறவரையே கேட்பது நல்லதுதான். கேட்கும் விதத்தில்தான் கோளாறு.

நம்பிக்கை: எந்தப் படம் அழகு என்று கேட்டால் விடை கிடைத்துவிடும்.

உண்மை: அழகு எது என்று கேட்டால் பளிச்சென்று இருப்பதைத்தான் காட்டுவார்கள். அந்தப் பளிச்சே பிறகு ரிட்டனாகவும் வரலாம். 180 ஜிஎஸ்எம் மெரூன் டி-சர்ட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதல் படத்தில் பின்னணியை வெள்ளையாக்கி, டியூப்லைட்டின் பச்சைச் சாயலை மட்டும் நீக்கியிருக்கிறோம். இரண்டாவதில் நிறத்தையும் ஏற்றி, சுருக்கத்தையும் போக்கியிருக்கிறோம். சுருக்கம் போனால் மெல்லிய துணிகூடக் கனமாகத் தெரியும்.

கடைக்கு வருகிற 40 பேரில் 20 பேருக்கு முதல் படம், மற்ற 20 பேருக்கு இரண்டாவது. ஒருவருக்கு ஒரு படம்தான். ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காமல் மாற்றி மாற்றிக் காட்ட வேண்டும். "இதைப் பார்த்து ஆர்டர் போடுவீங்களா? துணி மெல்லிசா இருக்குமா, கனமாங்களா?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதன் பிறகே சட்டையைக் கையில் கொடுத்து, "படத்துல பார்த்த மாதிரியே இருக்குங்களா?" என்று கேளுங்கள். முதல் படத்துக்கு 2 பேரும் இரண்டாவதற்கு 11 பேரும் "இல்லீங்க, வேற மாதிரி இருக்கு" என்றால், ஆர்டர் போடுவதாக எத்தனை பேர் சொல்லியிருந்தாலும் இரண்டாவது படம் வேண்டாம்.

காட்டுவது எல்லோருக்கும் ஒரே போனில், ஒரே பிரைட்னஸில் இருக்கட்டும். கண்ணுக்கு இதமான மஞ்சள் திரையை அணைத்துவிடுங்கள். சட்டையை வாசல் வெளிச்சத்தில் கொடுங்கள். டியூப்லைட்டுக்கடியில் மெரூனை நம்ப முடியாது.

நம்பிக்கை: வாட்ஸ்அப் குரூப்பில் வாக்கெடுப்பு வைத்தால் வேலை சுலபம்.

உண்மை: யார் எதற்கு ஓட்டுப் போட்டார்கள் என்பது குரூப்பில் எல்லோருக்கும் தெரியும். முதல் நாலு பேர் சொன்னதை மற்றவர்கள் வழிமொழிவார்கள். போதாக்குறைக்குப் பக்கத்துக் கடைக்காரரும் சொந்தக்காரரும் அதில் இருப்பார்கள்; அவர்களா சட்டை வாங்கப்போகிறார்கள்?

நம்பிக்கை: பாதிக்கு மேல் சொல்லிவிட்டால் முடிவாகிவிட்டது.

உண்மை: இரண்டு படத்தையும் ஒன்றாகக் காட்டிக் கேட்டதில் 40க்கு 24 பேர் ஒரு படத்தைச் சொன்னார்கள் என்று வையுங்கள். காசை 40 தடவை சுண்டினாலும் ஏதோ ஒரு பக்கம் 24 அல்லது அதற்கு மேல் விழுவது நாலில் ஒரு முறைக்குக் குறையாமல் நடக்கும். 28 என்றால் அது தற்செயலாக வருவது நூறில் இரண்டு முறை அளவுதான், அதை நம்பலாம்.

மெரூனுக்குக் கிடைத்த விடையை மெலாஞ்சுக்கு வைத்துவிடாதீர்கள். படத்தை வழவழப்பாக்கினால் மெலாஞ்சின் புள்ளிகள் மறைந்து, துணி வெறும் சாம்பல் நிறமாகிவிடும். அதற்குத் தனியாகத்தான் கேட்க வேண்டும்.